வீட்டு நெட்டும் பழைய லேப்டாப்பும் கிளவுட் கேமிங்குக்குப் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, சொந்தக்காரப் பிள்ளைகளும் கூட வேலை செய்பவர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கேமிங் லேப்டாப் வாங்க 80,000 ரூபாய் இல்லை, இருப்பதை வைத்து ஆட முடியுமா? பணம் கட்டுவதற்கு முன்பே இதை வீட்டிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். எளிய கேள்விகளை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை சுலபமாகப் புரியும்.

1. கேம் என் லேப்டாப்பில் ஓடாதா? அப்போ என் லேப்டாப் என்னதான் செய்யும்?

கேம் ஓடுவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உள்ள சர்வரில். அங்கே உருவாகும் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு உங்களுக்கு வருகிறது. நீங்கள் அழுத்தும் கீயும் நகர்த்தும் மௌஸும் திரும்ப அங்கே போகின்றன. ஆக, உங்கள் லேப்டாப்புக்கு வேலை இரண்டுதான்: வரும் வீடியோவை உடனுக்குடன் விரித்துத் திரையில் காட்டுவது, உங்கள் கை அசைவை உடனே அனுப்புவது.

அதனால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. லேப்டாப் வீடியோவை விரிக்கிறதா, லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரையிலான தூரம் சுத்தமாக இருக்கிறதா, ரவுட்டரிலிருந்து வெளியே போகும் லைன் நிதானமாக இருக்கிறதா. கோளாறு இந்த மூன்றில் எதில் இருக்கிறது என்று தெரியாமல் பிளானை மாற்றுவது, புது ரவுட்டர் வாங்குவது எல்லாம் பெரும்பாலும் வீண் செலவில்தான் முடிகிறது.

2. எங்க வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். அது போதாதா?

வேகத்தைப் பொறுத்தவரை தாராளம். என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 720p படத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080p படத்துக்கு 25 எம்பிபிஎஸ் கேட்கிறது, இரண்டுமே விநாடிக்கு 60 ஃபிரேம் கணக்கில். எக்ஸ்பாக்ஸ் கணினிக்கு 20 கேட்கிறது. 40 எம்பிபிஎஸ் பிளான் உள்ள வீட்டில் கூட ஒருவர் ஆடலாம்.

ஆனால் பிளானில் எழுதியிருக்கும் எண் ரவுட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டி உங்கள் அறைக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு சீராக வருகிறது என்பது வேறு விஷயம். 300 எம்பிபிஎஸ் எடுத்துவிட்டுத் திணறுகிறவர்களையும் 40 எம்பிபிஎஸ்ஸில் நிம்மதியாக ஆடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

3. யூடியூப் 1080p அருமையா ஓடுது. கேம் மட்டும் ஏன் திக்கித் திக்கி வருது?

யூடியூப் முன்கூட்டியே பல விநாடி வீடியோவை இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் நெட் இரண்டு விநாடி படுத்துவிட்டாலும் கையிருப்பை வைத்து ஓட்டிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேமில் அது முடியாது. அடுத்த நொடியில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று சர்வருக்குத் தெரியாதே, எதை முன்கூட்டி அனுப்பும்?

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் வந்து சேர வேண்டும். நூறு மில்லி செகண்ட் லைன் தடுமாறினால் ஆறு படங்கள் போச்சு. வீடியோ பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத அந்தத் தடுமாற்றம், கேமில் கார் சுவரில் மோதுவதாக வந்து நிற்கும். யூடியூப் நன்றாக ஓடுவது வேகத்துக்குச் சான்று, நிதானத்துக்கு அல்ல.

4. கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். நிஜமாவே ஓடுமா?

ஓடும். தனி கார்டு தேவையில்லை, இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்புக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் போதும். அதற்குள் வீடியோவை விரிப்பதற்கென்றே தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்கு எந்த வகை வீடியோ தெரியும் என்பதுதான் கேள்வி.

இன்டெல்லில் H.264 என்ற வகையை 2011-இல் வந்த 2ஆம் தலைமுறை சிப்களே விரிக்கும். HEVC என்ற அடுத்த வகைக்கு 6ஆம் தலைமுறை வேண்டும், AV1-க்கு 11ஆம் தலைமுறை. பழைய லேப்டாப்காரர்கள் இதில் பயப்பட வேண்டியதில்லை. கிளவுட் சேவைகள் H.264-ஐ இன்னும் கைவிடவில்லை, லேப்டாப்புக்குப் புதிய வகை தெரியாவிட்டால் பழையதில் அனுப்பும். புதிய வகையில் அதே எம்பிபிஎஸ்ஸுக்குப் படம் கொஞ்சம் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

5. என் லேப்டாப் சரியா விரிக்குதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போனில் 1080p, 60 ஃபிரேம் வைத்து ஓடும் வண்டிகளையோ விளையாடும் பிள்ளைகளையோ ஐந்து நிமிடம் எடுங்கள். கேமரா செட்டிங்கில் HEVC அணைந்திருக்கட்டும், அப்போதுதான் H.264-இல் பதிவாகும். அந்த ஃபைலை லேப்டாப்புக்கு மாற்றி, குரோம் ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு முழுத்திரையில் ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் கழித்து `Ctrl + Shift + Esc` அழுத்தி Task Manager-இல் Performance, பிறகு GPU போங்கள். Video Decode என்ற வரைபடம் ஏறியிருக்க வேண்டும், CPU பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். Video Decode சுழியத்திலேயே கிடந்து CPU 90, 100 என்று நின்றால், பிராசஸர் முழி பிதுங்கி வீடியோவை விரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இல்லாததுதான் காரணம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 2, 3ஆம் தலைமுறை லேப்டாப்களில் GPU பகுதியே தெரியாமல் இருக்கலாம். அங்கே CPU எண்ணை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

ஏன் யூடியூபை வைத்தே பார்க்கக் கூடாது என்று கேட்பார்கள். யூடியூப் பெரும்பாலும் VP9, AV1 வகைகளில் அனுப்புகிறது. பழைய சிப்களால் அவற்றை ஹார்டுவேரில் விரிக்க முடியாமல் திணறும். அதைப் பார்த்துவிட்டு "இந்த லேப்டாப் தேறாது" என்று ஒதுக்கி வைத்தவர்கள் நிறைய. அதே லேப்டாப் H.264 கேம் வீடியோவை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டியிருக்கும்.

6. ராம் 4 ஜிபிதான். ஸ்கிரீனும் 1366×768. பிரச்சினையா?

ஜிஃபோர்ஸ் நவ் விண்டோஸில் கேட்பதே 4 ஜிபி ராமும் 2 கிகாஹெர்ட்ஸ் இரட்டை கோர் பிராசஸரும்தான். ஆனால் 4 ஜிபியில் விண்டோஸே பாதிக்கு மேல் சாப்பிட்டுவிடும். ஆடும்போது மற்ற டேப்கள், வாட்ஸப் டெஸ்க்டாப், ஒன்டிரைவ் எல்லாம் மூடியிருக்க வேண்டும். சார்ஜரைச் செருகி ஆடுங்கள், பேட்டரியில் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்க ஆரம்பித்தால் ஃபேனில் தூசி அடைத்து லேப்டாப் சூடேறுகிறதா பாருங்கள்.

சின்ன ஸ்கிரீன் உண்மையில் உங்களுக்குச் சாதகம். 768 வரித் திரையில் 1080p வரவழைத்து ஒரு லாபமும் இல்லை. சேவையின் செட்டிங்கில் 720p வைத்துவிடுங்கள். 25-க்குப் பதில் 15 எம்பிபிஎஸ் போதும், விரிக்கும் சுமையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். சுமாரான வைஃபையில் இந்த ஒரு மாற்றமே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

7. ஸ்பீட் டெஸ்டில் பிங் 4 காட்டுது. சூப்பர் தானே?

பிங் என்பது ஒரு சிறு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி செகண்ட் கணக்கில். ஸ்பீட் டெஸ்ட் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் உங்கள் நெட் கம்பெனியின் சர்வரே அது, அதே ஊரில் இருக்கும். கேம் சர்வர் அங்கே இல்லை. அந்த 4 உங்கள் வீட்டு லைன் ஆரோக்கியமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி மில்லி செகண்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், போய் வர 10 மில்லி செகண்ட் கட்டாயம். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரவுட்டர்களைத் தாண்டுகிறது, ஆகவே கையில் கிடைப்பது 25 பக்கம். சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர், அதனால் எந்தப் பிளான் எடுத்தாலும் 29-க்குக் கீழே வரவே வராது. இது இயற்பியல் போட்ட எல்லை.

ஜிஃபோர்ஸ் நவ் 80 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும், 40-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. என் அனுபவத்திலும் அதுதான் நியாயமான கோடு. சரியான அளவைச் சேவையின் சொந்தச் சோதனைதான் தரும். ஜிஃபோர்ஸ் நவ் செயலியில் Settings-க்குள் Server Location-இல் Test Network இருக்கிறது. மற்ற சேவைகளில் அப்படி ஒன்று இருந்தால் அதை நம்புங்கள், பொதுவான ஸ்பீட் டெஸ்டை அல்ல.

8. வைஃபை போதுமா, வயர் போடணுமா?

முடிந்தால் வயர். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2.4-ஐக் கடைசிப் போக்கிடமாக வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் 2.4-இல் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டி மோதுகின்றன. விலை குறைந்த பழைய லேப்டாப்கள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் கார்டே கிடையாது. ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிகிறது, போனில் 5G என்று முடியும் வைஃபை பெயரும் வருகிறது, ஆனால் லேப்டாப்பில் அந்தப் பெயரே வரவில்லை என்றால் விஷயம் அதுதான்.

எதில் இணைந்திருக்கிறீர்கள் என்று கமாண்ட் பிராம்ப்ட்டில் பார்க்கலாம்:

```
netsh wlan show interfaces
```

Channel என்ற வரியில் 1 முதல் 13 வரை இருந்தால் 2.4, 36-உம் அதற்கு மேலும் இருந்தால் 5. புதிய விண்டோஸ் 11-இல் லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் உள்ள லேன் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் வகை என்றாலும் கவலை வேண்டாம், உங்களுக்குத் தேவை 15-உம் 25-உம்தான். லேன் போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப்புக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் கிடைக்கிறது.

9. கோளாறு என் ரூமிலா, நெட் கம்பெனியிலா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இந்தப் பக்கத்தில் முக்கியமான பதில் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஒன்று உங்கள் ரவுட்டருக்கு, இன்னொன்று வெளியே:

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 8.8.8.8
```

ரவுட்டரின் எண் வீட்டுக்கு வீடு மாறும். `ipconfig` அடித்தால் Default Gateway என்ற இடத்தில் உங்களுடையது தெரியும். 8.8.8.8 கூகுளின் டிஎன்எஸ் சர்வர். அது கேம் சர்வர் இல்லை, ஆகவே அதன் சராசரியைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். நாம் பார்ப்பது எவ்வளவு சீராக வருகிறது என்பதைத்தான். 100 விநாடி முடிந்ததும் Lost, Minimum, Maximum, Average என்று சுருக்கம் வரும்.

மதுரையில் இருக்கும் என் சித்தி மகனின் வீட்டை எடுத்துக்கொள்வோம். 5ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 768 வரித் திரை, 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரவுட்டர் ஹாலில், அவன் உட்காருவது இரண்டு சுவர் தாண்டி மாடிப்படிக்குப் பக்கத்து அறையில். ஐந்தாம் பதிலில் சொன்ன சோதனையில் லேப்டாப் நன்றாகவே தேறியது. `netsh` சானல் 6 காட்டியது, அதாவது 2.4. பிங் ஓட்டினோம். ரவுட்டருக்கே குறைந்தது 2, அதிகம் 214, சராசரி 19, நூற்றில் 2 தொலைந்தது. வெளியேயும் அதே குதிப்பு. ஹாலுக்கும் அறைக்கும் நடுவிலேயே 214 மில்லி செகண்ட் என்றால், நெட் கம்பெனியைக் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை.

லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுபோய் லேன் வயரில் செருகி மறுபடி ஓட்டினோம். ரவுட்டருக்கு அதிகபட்சம் 1, வெளியே குறைந்தது 18, அதிகம் 23, தொலைந்தது எதுவுமில்லை. அவன் அதுவரை 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறப் போவதாக இருந்தான். மாறியிருந்தால் மாதா மாதம் பணம் போயிருக்கும், திக்கல் அப்படியே இருந்திருக்கும். சுவரோரம் 15 மீட்டர் கேட்-5இ கேபிள் ஒட்டி அறைக்கு இழுத்ததோடு அந்த வேலை முடிந்தது.

உங்கள் வீட்டில் வேறு மாதிரி வரலாம். ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து வெளிப் பிங் மட்டும் குதித்தால் கோளாறு லைனில். இரண்டும் குதித்தால் முதலில் வைஃபையைச் சரி செய்யுங்கள், அதற்கு முன் லைனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டுமே அமைதியாக இருந்தும் கேம் திக்கினால் லேப்டாப்பைப் பாருங்கள், அல்லது சேவையின் சர்வர் பக்கம் நெரிசல்.

10. நூற்றில் ஒன்று ரெண்டு பாக்கெட் தொலைஞ்சா என்ன? 98 வந்துடுச்சே?

15 எம்பிபிஎஸ் வீடியோ, பாக்கெட்டுக்கு 1,200 பைட் என்று வைத்தால், விநாடிக்குச் சுமார் 1,500 சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாக, வருகிறது. அதில் 1 சதவீதம் என்றால் ஒவ்வொரு விநாடியும் 15 பாக்கெட் காணவில்லை. ஒரு பாக்கெட் போனாலே அந்த ஃபிரேமில் ஓர் ஓட்டை. சேவைகள் கொஞ்சம் உபரித் தகவல் சேர்த்து அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கும், ஆனால் தொடர்ந்து இழப்பு இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

பிங் விநாடிக்கு ஒன்றுதான் அனுப்புகிறது, அதனால் 100-இல் சுழியம் என்று வந்தாலும் சின்ன இழப்பு மறைந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் `-n 1000` போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வயரில் இணைத்தபின் அதில் ஒன்றிரண்டு தொலைந்தால் பரவாயில்லை, பத்துக்கு மேல் போனால் லைனில் ஏதோ இருக்கிறது.

11. தனியா இருக்கும்போது நல்லா ஓடுது. வீட்டில் எல்லாரும் வந்ததும் போச்சு. ஏன்?

எல்லோரும் சீரியலும் யூடியூபும் பார்ப்பதுதான் காரணம் என்று நினைப்பீர்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் அது பெரிய சுமை இல்லை. என் கணிப்பில் பெரும்பாலும் குற்றவாளி வெளியே போகும் டேட்டா. வீட்டுக்கு வந்ததும் போன் வைஃபையில் சேர்கிறது, கல்யாண வீட்டில் எடுத்த இருநூறு போட்டோவும் வீடியோவும் கூகுள் போட்டோஸுக்கு ஏற ஆரம்பிக்கின்றன. ரவுட்டர் அவற்றையெல்லாம் வரிசையில் அடுக்குகிறது, உங்கள் கீ அழுத்தலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. வேகம் குறையவில்லை, காத்திருக்கும் நேரம் கூடிவிட்டது. அப்லோடு குறைவாக உள்ள கேபிள் இணைப்புகளில் இது இன்னும் மோசம்.

`ping -t 8.8.8.8` ஓடட்டும், போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். 20-இல் இருந்த பிங் 200, 300 என்று ஏறினால் காரணம் இதுதான். ஆடும் நேரத்தில் பேக்கப்பை நிறுத்தி வைப்பது இலவச வழி. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் QoS அல்லது SQM வசதி இருந்தால் அப்லோடை உண்மை வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள், வரிசை ரவுட்டரில் சேராது. நெட் கம்பெனி தரும் ரவுட்டர்களில் SQM இருப்பது அபூர்வம்.

12. ராத்திரி எட்டு மணிக்கு மேல மட்டும் சொதப்புது. கஸ்டமர் கேரில் "ஸ்பீட் சரியா இருக்கு சார்"னு வெச்சுடுறாங்க.

ஒன்பதாம் பதிலில் சொன்ன இரண்டு ஜன்னல் சோதனையை வயரில் இணைத்து, காலை ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை ஓட்டி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காலை 18 முதல் 23, இரவு 18 முதல் 160, இரண்டு நேரத்திலும் ரவுட்டர் பிங் 1 என்று இருந்தால் உங்கள் வீட்டில் குறை இல்லை, தெருவிலோ அதற்கு மேலோ நெரிசல். "ஸ்பீட் வரல" என்று சொன்னால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், அது சரியாகத்தான் காட்டும். "இரவில் பாக்கெட் லாஸ், லேட்டன்சி ஏறுது, ரவுட்டர் வரை சுத்தம்" என்று படத்தோடு புகார் கொடுத்தால் லைன்மேனுக்கு மேலே உள்ளவரிடம் போகும். உள்ளூர் கேபிள்காரரிடம் வாங்கிய லைன் என்றால் நேரில் போய்க் காட்டுவதுதான் வேகம்.

13. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடலாமா? 5ஜி இருக்கே.

5ஜி வேகம் போதும். டவருக்கும் போனுக்கும் நடுவில் பிங் நிலையாக நிற்பதுதான் கடினம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம், டவரில் எத்தனை பேர், போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவுவது, எல்லாம் அதைக் குதிக்க வைக்கும். வீட்டுக்கு வெளியே பெட்டி மாட்டித் தரும் 5ஜி இணைப்பு ஹாட்ஸ்பாட்டை விட நிதானம், ஆனாலும் அதே பிங் சோதனையை இரவிலும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஹாட்ஸ்பாட்டை வைத்தே ஆக வேண்டும் என்றால் யுஎஸ்பி வயரில் டெதரிங் செய்யுங்கள், நடுவில் ஒரு வைஃபை தாவலாவது மிச்சமாகும்.

14. டேட்டா எவ்வளவு ஆகும்?

எம்பிபிஎஸ் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வரும். 15 எம்பிபிஎஸ் முழுதாக ஓடினால் மணிக்கு 6.75 ஜிபி, 25-க்கு 11.25. தினம் 2 மணி நேரம் 720p என்றால் மாதம் 405 ஜிபி. பல ஃபைபர் பிளான்களின் எல்லை 3,300 ஜிபி, ஆகவே வீட்டு லைனில் கவலை இல்லை. தினம் 2 ஜிபி மொபைல் பேக் 18 நிமிடத்தில் காலி.

15. கேமிங் ரவுட்டர், விபிஎன், டிஎன்எஸ் மாத்துறது, இதில் எது பிங்கைக் குறைக்கும்?

டிஎன்எஸ் மாற்றினால் எதுவும் மாறாது, அது சர்வரின் முகவரியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடும். கேமிங் ரவுட்டரால் மும்பையைச் சென்னைக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. அதன் பயன் SQM இருந்தால் மட்டும், அதுவும் பதினோராம் கேள்வியின் பிரச்சினை உங்களுக்கு இருந்தால் மட்டும். விபிஎன் பெரும்பாலும் பிங்கைக் கூட்டும். உங்கள் நெட் கம்பெனி சுற்றி வளைத்து அனுப்பும் வழித்தடம் இருந்தால் அபூர்வமாகக் குறையும்.

கையில் 1,500 ரூபாய் இருந்தால், அதை லேன் கேபிளிலோ 5 கிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி வைஃபை அடாப்டரிலோ போடுங்கள். அதற்கு முன் ஒன்பதாம் பதிலின் சோதனை அதைத்தான் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

16. எங்க லைன் சிஜிநாட், அதாவது பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி முகவரி. நாட் டைப் ஸ்டிரிக்ட்னு வந்து மத்த ஆட்டக்காரங்களோட இணைய விடாதே?

வராது. ஆன்லைன் கேமில் மற்ற ஆட்டக்காரர்களோடு பேசுவது டேட்டா சென்டரில் இருக்கும் கணினி, உங்கள் ரவுட்டர் அல்ல. சர்வரிலிருந்து வீடியோ வாங்க சிஜிநாட் தடையில்லை.

17. எல்லாமே பார்த்தாச்சு, இருந்தும் ஏதோ சரியில்லை. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணுக்குத் தெரிவதிலேயே துப்பு இருக்கிறது. படம் மங்கி, புல்லும் இலையும் மெழுகியது போல ஆகி, ஆனால் ஓட்டம் தடைபடாமல் இருந்தால் எம்பிபிஎஸ் குறைந்திருக்கிறது. சேவை தானே தரத்தைக் குறைத்துக்கொண்டது. படம் தெளிவாக இருந்து நின்று நின்று தாவினால் பிங் குதிக்கிறது அல்லது பாக்கெட் தொலைகிறது. படம் தெளிவு, ஓட்டமும் சீர், ஆனால் கை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே இழுவை என்றால் சர்வர் தூரம். டிவியில் எச்டிஎம்ஐ போட்டு ஆடுகிறீர்கள் என்றால் டிவியில் கேம் மோடு போடாததும் இதே இழுவையைத் தரும்.

ஜிஃபோர்ஸ் நவ்வில் ஆடும்போதே `Ctrl + N` அழுத்தினால் பிங், இழப்பு, ஃபிரேம் எண்கள் திரையில் வரும். அதில் நெட் எண்கள் சுத்தமாக இருந்தும் ஓட்டம் தட்டினால் லேப்டாப் பக்கம், அதாவது நான்கு, ஐந்து, ஆறாம் பதில்களுக்குத் திரும்புங்கள். புளூடூத் கன்ட்ரோலரும் 2.4 வைஃபையும் ஒன்றையொன்று கெடுப்பதும் உண்டு. கன்ட்ரோலரை வயரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

18. பிங் 60 வருது. எந்த மாதிரி கேம் எல்லாம் ஆடலாம், எது வேண்டாம்?

பிங் மட்டும்தான் தாமதம் என்று நினைக்காதீர்கள். சர்வர் படத்தை உருவாக்கிச் சுருக்குவதும், லேப்டாப் விரித்துத் திரையில் காட்டுவதும் அதன் மேல் சேரும். பிங் 60 என்றால் கையிலிருந்து கண்ணுக்கு 100-ஐத் தாண்டிவிடும். கதை கேம்கள், முறை மாற்றி ஆடுபவை, வியூகக் கேம்கள், கிரிக்கெட் மேலாண்மை போன்றவற்றில் அது உறுத்தாது. திறந்த உலகக் கேம்கள் கன்ட்ரோலரில் பழகிவிடும், மௌஸில் கொஞ்சம் தெரியும். கார் ரேஸ் 40-க்குள் இருந்தால் சுகம்.

போட்டி ஷூட்டர், சண்டைக் கேம், கிரிக்கெட்டில் டைமிங் வைத்து பேட்டிங் செய்வது, இவற்றுக்கு 60-இல் பரிந்துரைக்க மாட்டேன். எதிராளி சொந்தக் கணினியில் ஆடுகிறார், அந்தச் சில ஃபிரேம் முன்னிலை அவருக்கு எப்போதும் இருக்கும். அதையே முக்கியமாக ஆட வேண்டும் என்றால், அந்த ஒரு கேமைக் குறைந்த செட்டிங்கில் உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். போட்டி ஷூட்டர்களில் பல பலவீனமான கணினிகளிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்டவை.

19. எத்தனை மாசத்துக்குச் சேர்ந்து கட்டினா லாபம்?

முதலில் ஒரு மாதம் மட்டும். ஆண்டுத் திட்டம் மலிவாகத் தெரியும், ஆனால் உங்கள் லைன் மழைக்காலத்தில் எப்படி, பரீட்சை விடுமுறையில் தெருவே நெட்டில் இருக்கும்போது எப்படி என்று தெரியாமல் கட்டாதீர்கள். இலவச அடுக்கு உள்ள சேவை என்றால் அதில் தொடங்குங்கள். காத்திருக்கும் வரிசை நீளமாக இருந்தாலும் உங்கள் லைனும் லேப்டாப்பும் தேறுகின்றனவா என்று அது காட்டிவிடும். அந்தச் சோதனையை ஞாயிறு மதியம் செய்யாமல், நீங்கள் வழக்கமாக ஆடப் போகும் அதே நேரத்தில், அதே அறையில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது செய்யுங்கள். நீங்கள் ஆட விரும்பும் கேம் அந்தச் சேவையின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். சில சேவைகளில் கேமைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும், சந்தா சர்வருக்கு மட்டும்தான்.